சைக்கிள் சின்னதா, சீட் இறங்கியிருக்கிறதா? பிள்ளை ஓட்டும் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

கும்பகோணம் பக்கத்தில் சைக்கிள் வேலை பார்க்கிறவனுக்கு ஜூன் மாதம் வந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் பிள்ளைகள் படம்தான். பள்ளிக்கூடம் திறந்திருக்கும், கோடை விடுமுறையில் பிள்ளை ஒரு பிடி உயர்ந்திருக்கும். "இந்த சைக்கிள் போதுமா, அடுத்த அளவு வாங்கணுமா?" என்று கேட்பார்கள். கேட்கிறவர் பல நேரம் ஊரில் இருக்க மாட்டார். சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருந்துகொண்டு, வீட்டிலிருந்து வந்த படத்தை அப்படியே எனக்கு அனுப்புவார்.

ஒரு படத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியும். ஆனால் பார்க்கும் வரிசை முக்கியம். சீட் உயரம் சரியாக இல்லாத படத்தில் சைக்கிளின் அளவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சீட் இறங்கியிருந்தால் சரியான சைக்கிளும் சின்னதாகத் தெரியும், ஏறியிருந்தால் பெரிதாகத் தெரியும். அதனால் முதலில் காலைப் பார்த்து சீட்டைச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் இன்னொரு படம் எடுத்து, கையையும் மேலே வரும் முழங்காலையும் பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்லும் எல்லா அறிகுறிகளுக்கும் இதுதான் அடிப்படை.

படம் பொய் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள்

வரும் படங்களில் பாதிக்கு மேல் உதவாதவை. பிள்ளை ஒரு காலைத் தரையில் ஊன்றி, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கும். அழகான படம்தான், ஆனால் முழங்கால் எவ்வளவு நீள்கிறது என்று அதில் தெரியாது.

வேண்டியது பக்கவாட்டிலிருந்து எடுத்த படம். நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, போன் சைக்கிள் சீட்டின் உயரத்துக்கு வரும்படி குந்தி உட்கார்ந்து எடுக்க வேண்டும். பெரியவர்கள் நின்றபடி எடுத்தால் படம் மேலிருந்து கீழாக விழும், கால் குட்டையாகத் தெரியும். கிட்டத்தில் நின்று அகலமாகக் காட்டும் லென்ஸில், அதாவது 0.5x-ல் எடுப்பதும் வேண்டாம்.

படம் நேராக இருக்கிறதா என்பதைச் சக்கரமே சொல்லிவிடும். இரண்டு சக்கரமும் வட்டமாக, ஒரே அளவில் தெரிந்தால் படம் சரி. சக்கரம் முட்டை வடிவில் இருந்தாலோ, ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தாலோ படம் சாய்ந்த கோணத்தில் எடுத்தது. அதை வைத்துக் கோணம் அளக்காதீர்கள்.

ஓடும் சைக்கிளை ஒரே கிளிக்கில் சரியான நொடியில் பிடிப்பது கடினம். பிள்ளை உங்களைக் கடந்து போகும்போது வீடியோ எடுங்கள். உங்கள் பக்கத்துப் பெடல் அடிமட்டத்துக்கு வரும் இடத்தில் நிறுத்தி அந்தக் காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அடிமட்டம் என்றால் பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க், சீட் பைப்பின் நேர்கோட்டில் கீழே நீண்டு நிற்கும் நிலை. அங்கேதான் கால் அதிகமாக நீளும். பெடல் அரைவழியில் இருக்கும் படத்தைப் பார்த்து "முழங்கால் மடங்கியிருக்கு, சீட்டை ஏத்து" என்று சொன்னால் தவறாகிவிடும்.

உடையும் செருப்பும் கூட முக்கியம். பாவாடையோ தொளதொளப்பான பேண்ட்டோ இருந்தால் இடுப்பு எலும்பும் முழங்காலும் மறைந்துவிடும். அரைக்கால் சட்டையோ ஒட்டிய லெக்கிங்ஸோ நல்லது. தினமும் எதைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறதோ அதே செருப்பு, அதே ஷூ. வெறுங்காலுக்கும் பள்ளி ஷூவுக்கும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும்.

இதோடு ஒன்று செய்தால் படத்திலேயே நீளமும் அளக்கலாம். டயரின் பக்கவாட்டில் அளவு அச்சாகியிருக்கும், `20x2.125` என்பது போல. 20 அங்குல சக்கரத்தின் டயரோடு சேர்ந்த விட்டம் ஏறக்குறைய 50 செ.மீ. திரையில் அந்தச் சக்கரம் ஸ்கேலில் 5 செ.மீ. வரும்வரை படத்தைப் பெரிதாக்குங்கள். இப்போது திரையில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர். பெரிதாக்கிய அளவை மாற்றாமல் படத்தை நகர்த்தி, சீட் பைப் எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதை அளக்கலாம். ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கும், இந்த வேலைக்கு அது போதும்.

பெடல் அடியில் இருக்கும்போதும் முழங்கால் நன்றாக மடங்கியிருக்கிறது

அதிகமாக வரும் குறை இதுதான். பெடல் மேலே வரும்போது தொடை வயிற்றை நோக்கி ஏறும், முழங்கால் ஹேண்டில்பாரை நெருங்கும். சில பிள்ளைகள் முழங்கால் இடிக்காமலிருக்க இரண்டு கால்களையும் அகட்டி ஓட்டுவார்கள். பார்க்கிற எவருக்கும் சைக்கிள் சின்னதாகப் போய்விட்டது என்றுதான் தோன்றும்.

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். மகளுக்கு எட்டு வயது, சைக்கிள் 20 அங்குலம். "அண்ணே, இவ வளந்துட்டா, சைக்கிள் பத்தலை. இவங்க அப்பா 24 இஞ்ச் வாங்கச் சொல்லிப் பணம் அனுப்பிட்டாங்க. எது நல்லதுன்னு சொல்லுங்கண்ணே" என்றார். "வாங்குறது இருக்கட்டும்மா, முதல்ல பாப்பாவோட உயரமும் கால் நீளமும் அளந்து சொல்லுங்க" என்றேன்.

கால் நீளம் அளப்பது சுலபம். செருப்பில்லாமல் பிள்ளையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, ஒரு கனமான நோட்டைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்காருவது போல மேலே முட்டும்வரை வைத்து, நோட்டின் மேல் விளிம்பைச் சுவரில் குறித்துத் தரையிலிருந்து அளக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு உயரம் 126, உள்கால் நீளம் 57 செ.மீ. வந்தது. 20 அங்குல சைக்கிள் பொதுவாக 115 முதல் 135 செ.மீ. வரை உயரமுள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். இருந்தாலும் 126 என்பது நடுவில் நிற்கிறது. அப்படியானால் படத்தில் சின்னதாகத் தெரிவதற்குக் காரணம் வேறு எங்கேயோ இருக்கிறது.

வீடியோவை நிறுத்தி, போனின் எடிட் பகுதியில் இரண்டு கோடு போட்டேன். இடுப்பின் பக்கவாட்டில் துருத்தும் எலும்பிலிருந்து முழங்காலின் நடுவுக்கு ஒன்று, அங்கிருந்து கணுக்கால் எலும்புக்கு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணத்தைப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியைத் திரைமேல் வைத்தே அளந்துவிடலாம். கால் முழுவதும் நேராக இருந்தால் 180 பாகை. நன்றாக ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு, பெடல் அடியில் இருக்கும்போது 140 முதல் 150 வரை இருக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு 115 தான் இருந்தது.

காரணம் இதுதான். ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்தில் சீட்டை இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்படி இறக்கி வைத்திருப்பார்கள். கற்கும்போது அது சரி. ஆனால் இந்த அளவு சைக்கிளில் பெடல் அடியில் இருக்கும்போதும் தரையிலிருந்து 12 செ.மீ. அளவுக்கு மேலேதான் நிற்கும். தரையில் பாதம் பதியும்படி சீட் இருந்தால், பெடலில் கால் வைக்கும்போது அந்த 12 செ.மீ. அளவுக்குக் கால் மடங்கித்தான் ஆக வேண்டும். தரையில் பாதம் முழுதாகப் பதிவதும் பெடலில் கால் நன்றாக நீள்வதும் ஒரே சீட் உயரத்தில் நடக்காது. ஓட்டத் தெரிந்த பிறகும் சீட்டை அப்படியே விட்டதால் வந்த வினை இது. அரைக்காலில் மிதிப்பதால்தான் பிள்ளை சீக்கிரம் களைத்து, எழுந்து நின்று மிதிக்கிறது.

எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதையும் கோணத்திலிருந்தே ஊகிக்கலாம். இந்த உயரமுள்ள பிள்ளைக்கு 120 பாகையிலிருந்து 130-க்குப் போக சீட் இரண்டரை சென்டிமீட்டர் ஏற வேண்டும். 130-லிருந்து 140-க்கு இரண்டு, 140-லிருந்து 150-க்கு ஒன்றரைதான். அதாவது கால் நேராக ஆக ஆக, சீட்டில் செய்யும் சிறிய மாற்றமும் கோணத்தைப் பெரிதாக மாற்றும். அதனால் தொடக்கத்தில் தாராளமாக ஏற்றலாம், 135-ஐத் தாண்டிய பிறகு ஒவ்வொரு சென்டிமீட்டராகத்தான் போக வேண்டும். இந்தப் பிள்ளைக்கு 115-லிருந்து 140 வரை போக மொத்தம் 6 செ.மீ. தேவை என்று கணக்கு வந்தது.

ஏற்றுவதற்கு முன் சீட் பைப்பை முழுவதும் வெளியே உருவிப் பார்க்கச் சொன்னேன். பைப்பின் கீழ்ப்பகுதியில் குறுக்குக் கோடு போட்டு `MIN INSERTION` என்றோ அதைப் போலவோ எழுதியிருக்கும். அந்தக் கோடு பிரேமுக்கு உள்ளே மறைந்தே இருக்க வேண்டும். வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றினால் பைப் வளையும், பிரேமின் வாய் கிழியும், ஓடும்போதே சீட் கழன்று வரும். கோடு அழிந்திருந்தால் குறைந்தது 6.5 செ.மீ. பைப் பிரேமுக்குள் இருக்கும்படி நீங்களே பெயிண்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்த சைக்கிளில் 13 செ.மீ. வரை வெளியே எடுக்க இடம் இருந்தது. வீடியோவில் வெளியே தெரிந்தது 3 செ.மீ. மட்டும். 6 ஏற்றினாலும் 9 தான் ஆகிறது, இன்னும் 4 மிச்சம்.

ஏற்றும் முறை: சீட்டுக்குக் கீழே, பிரேமின் வாயில் இருக்கும் கிளாம்பின் நட்டைப் பொருந்தும் ஸ்பேனரால் தளர்த்துங்கள். சில சைக்கிளில் அலன் கீ, சிலவற்றில் கையால் மடக்கும் லீவர். சீட்டை இடமும் வலமும் திருகிக்கொண்டே மேலே இழுங்கள். முதலில் 3 செ.மீ. ஏற்றி, சீட்டின் மூக்கு முன்சக்கரத்தை நேராகப் பார்க்கும்படி வைத்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகு சீட்டின் இரு முனையையும் பிடித்துப் பலமாகத் திருகிப் பார்க்க வேண்டும். அசையக் கூடாது. பழைய உயரத்தில் பைப்பைச் சுற்றி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால், பிள்ளை பயந்தால் திரும்ப அங்கேயே வந்துவிடலாம்.

ஒரே நாளில் 6 செ.மீ. ஏற்றாதீர்கள். பிள்ளைக்குத் தரை திடீரென்று எட்டாமல் போகும், அந்தப் பயத்தில் சைக்கிளையே தொடாது. 3 ஏற்றி ஒரு வாரம் ஓட்டட்டும். பிரேக் பிடித்து, சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, ஒரு காலை ஊன்றி நிற்கப் பழகிய பிறகு ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏற்றுங்கள்.

நம் ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிள்ளை எந்த வழியில் பள்ளிக்கூடம் போகிறது? மேட்டூரில் தண்ணீர் திறக்க வழக்கமாகச் சொல்லும் நாள் ஜூன் 12. அதற்குப் பிறகு ஆறும் வாய்க்காலும் நிரம்பிவிடும். வாய்க்கால் கரைமேல் போகும் குறுகலான பாதையில் எதிரே டிராக்டர் வந்தால் பிள்ளை சட்டென்று நின்று காலை ஊன்றியாக வேண்டும். அந்த இடத்தில் கோணத்தைவிடக் கால் எட்டுவதுதான் பெரிது. அப்படிப்பட்ட வழியில் போகும் பிள்ளைக்கு இரண்டு காலின் முன்பாதமும் தரையில் நன்றாகப் பதியும் உயரத்திலேயே, கோணம் 130 என்றாலும் பரவாயில்லை, சில மாதம் விட்டுவைப்பேன். தெருவிலும் தார் ரோட்டிலும் மட்டும் ஓட்டுகிற பிள்ளைக்கு விரல்நுனி எட்டினால் போதும்.

வலங்கைமான் பிள்ளைக்கு ஒரு மாதத்தில் 6 செ.மீ. ஏற்றியாகிவிட்டது. அடுத்த வீடியோவில் கோணம் 140-ஐ ஒட்டி வந்தது. பெடல் மேலே வரும்போது முழங்கால் ஹேண்டில்பாருக்கு ஒரு சாண் தள்ளியே நின்றது. சைக்கிள் சின்னது இல்லை. இந்த வயதுப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் உயர்வார்கள், அதில் ஏறக்குறைய பாதி கால் நீளத்தில் வரும். பைப்பில் மிச்சமிருக்கும் 4 செ.மீ. ஓராண்டுக்கும் மேலே தாங்கும். "அப்ப பணத்தை என்னண்ணே பண்றது?" என்று கேட்டார். "அடுத்த வருஷம் தீபாவளிக்கு வெச்சிக்கங்கம்மா, அப்ப திரும்பவும் அளந்துட்டு வாங்கலாம்" என்றேன்.

ஏற்றிய பிறகும் குறை தீரவில்லை, பைப்பின் கோடு வாய்க்கு வந்துவிட்டது, கோணம் இன்னும் 130-க்குக் கீழேதான் என்றால் சைக்கிள் உண்மையிலேயே சின்னதாகிவிட்டது. நீளமான பைப் வாங்கிப் போட்டுக் காலத்தை ஓட்டலாம் என்று சிலர் வருவார்கள். கால் சரியாகும், ஆனால் கை குறுகும். உயரமான சீட்டிலிருந்து பிள்ளை முன்னால் கவிழ்ந்து, முழங்கை மார்போடு ஒட்டி, உடல் பாரம் முன்சக்கரத்தில் விழும். அவசரமாக முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழவும் கூடும். அந்த நிலையில் அடுத்த அளவுதான் வழி.

பெடல் அடியில் கால் விறைத்து, குதிகால் தூக்கி, பாதம் கீழ்நோக்கி இருக்கிறது

இது சீட் உயரமாக இருப்பதன் அடையாளம். இதில் ஏமாறுவது எளிது. எட்டாத பெடலை எட்டுவதற்குப் பிள்ளை பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டிவிடும். அப்போது முழங்கால் கோணத்தை அளந்தால் 145 என்று சரியாகவே காட்டும். அதனால் கோணத்தோடு பாதத்தையும் பாருங்கள். பாதம் ஏறக்குறைய தரைக்கு இணையாக, குதிகால் சற்றே தூக்கி இருந்தால் இயல்பு. விரல் மட்டும் பெடலைத் தொட்டுக்கொண்டிருந்தால் கோணத்தை நம்பாதீர்கள்.

உறுதி செய்ய பின்னாலிருந்து ஒரு வீடியோ எடுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் இறங்கி ஏறினால் சீட் உயரம்தான். முதுகில் தொங்கும் பள்ளிக்கூடப் பை ஆடுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெறும் மிதியின் ஆட்டத்தில் பை லேசாக அசையும், இடுப்பு ஆடினால் பையின் மேல் விளிம்பே சாயும்.

கேமரா இல்லாமலும் இதைச் சோதிக்கலாம். ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, பிள்ளை சீட்டில் நேராக உட்கார்ந்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி அடிக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வைக்கட்டும். இடுப்பு சாயாமல் கால் நேராக நீண்டால் சீட் அதன் மேல் எல்லையில் இருக்கிறது. ஓட்டும்போது குதிகாலுக்குப் பதில் முன்பாதம் பெடலில் வருவதால் முழங்கால் தேவையான அளவு மடங்கிவிடும். குதிகால் எட்டவே இல்லை என்றால் எட்டும்வரை இறக்குங்கள்.

சீட்டை அடிவரை இறக்கியாகிவிட்டது, இன்னும் குதிகால் எட்டவில்லை என்றால் சைக்கிள் பெரிது. வளர்கிற பிள்ளைதானே என்று ஒரு அளவு கூட்டி வாங்கிய வீடுகளிலும், அக்காவுக்கு ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளைத் தம்பி எடுத்து ஓட்டும் வீடுகளிலும் இதைப் பார்க்கிறேன். இதற்குச் சரிசெய்யும் வழி எதுவும் இல்லை. சீட் உயரத்தால் மட்டும் அல்ல, நிற்கும்போதும் ஆபத்து. சீட்டுக்கு முன்னால் இறங்கி இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி நிற்கும்போது குறுக்குப் பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். பார் இல்லாத பிரேமாக இருந்தால் இந்தச் சோதனை தேறிவிடும், ஆனால் கை எட்டுகிறதா என்பது அடுத்து வரும்.

இறங்கும் தூரம் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டரில் மட்டும் குறைந்தால் ஒன்று பார்க்கலாம். சீட் பைப்பின் அடி பிரேமுக்குள் எங்கேயாவது முட்டி நிற்கிறதா? முட்டினால் பைப்பின் அடியை அந்த அளவுக்கு மட்டும் அறுத்துக் கொடுப்போம். அறுத்த பிறகு பழைய குறுக்குக் கோடு செல்லாது. 6.5 செ.மீ. கணக்கில் புதுக் கோடு போட்டே கொடுக்க வேண்டும்.

கால் சரி, ஆனால் கை விறைத்து, பிள்ளை சீட்டின் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது

சீட்டைச் சரிசெய்த பிறகு எடுத்த படத்தில்தான் இதைப் பார்க்க வேண்டும். பிரேம் குழாய் பின்பக்கம் சாய்ந்திருப்பதால், சீட்டை 6 செ.மீ. ஏற்றினால் அது பின்னாலும் ஏறக்குறைய 2 செ.மீ. போய்விடும். ஹேண்டில்பார் அந்த அளவுக்குத் தூரமாகும், சீட்டோடு ஒப்பிட்டால் தாழ்ந்தும் போகும். முழங்கை லேசாக மடங்கி, தோள் இறுகாமல் இருந்தால் சரி. முழங்கை பூட்டிக்கொண்டு, தோள் காதருகே ஏறி, பிள்ளை சீட்டின் முன்முனைக்கு நகர்ந்திருந்தால் எட்டவில்லை என்று பொருள்.

முதலில் சீட்டின் சாய்வைப் பாருங்கள். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் பிள்ளை தானாக முன்னால் வழுக்கும், கை அந்தப் பாரத்தைத் தாங்கி விறைக்கும். சீட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் இருக்கும் நட்டைத் தளர்த்தி சீட்டைச் சமமாக வைத்தாலே பாதி தீர்ந்துவிடும். அதே நட்டு தளர்ந்திருக்கும்போது சீட்டை ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளலாம். சாதாரண கிளாம்ப் உள்ள சீட்டில், கிளாம்பையே முன்பின்னாகத் திருப்பிப் போட்டால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். அதற்கு மேல் சீட்டைத் தள்ளிக் கைக்கு வழி தேடாதீர்கள். பெடல் முன்பக்கம் கிடைமட்டமாக இருக்கும்போது முழங்கால் பெடலுக்கு வெகுவாக முன்னால் போய்விடும்.

அடுத்தது ஹேண்டில்பார். பிள்ளைகள் சைக்கிளில் பெரும்பாலும் நடுவில் மேலிருந்து கீழே இறங்கும் ஒரு நீள போல்ட் இருக்கும். அதை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, போல்ட்டின் தலைமேல் ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டினால் உள்ளே பிடித்திருக்கும் ஆப்பு விடும். அப்புறம் ஹேண்டில்பாரை ஏற்றலாம். அதன் தண்டிலும் சீட் பைப்பைப் போலவே எல்லைக் கோடு உண்டு, அது வெளியே தெரியக் கூடாது. இறுக்கிய பின் முன்சக்கரத்தை உங்கள் இரண்டு காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகிப் பாருங்கள். வலங்கைமான் பிள்ளைக்கு இப்படி 2 செ.மீ. ஏற்றியதில் முழங்கை மடங்கி வந்துவிட்டது.

கையைப் பார்க்கும்போது பிரேக்கையும் பாருங்கள். பிடியைப் பிடித்தபடியே விரலின் முதல் கணு பிரேக் லீவரைச் சுற்றி வளைய வேண்டும், விரல்நுனி தொட்டால் போதாது. பல லீவர்களில் பிடியின் பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை உள்ளே முடுக்கினால் லீவர் கைப்பக்கம் வரும்.

இவ்வளவும் செய்து கை இன்னும் விறைப்பாகவே இருந்தால் பிரேம் நீளம். கால் பொருந்தி, கை பொருந்தாத சைக்கிள் அந்தப் பிள்ளைக்குப் பெரியதுதான்.

காலையில் சரியாக இருந்தது, சாயங்காலப் படத்தில் பழையபடி மடங்கியிருக்கிறது

சீட் மெல்ல இறங்குகிறது. ஒட்டிய டேப்பைப் பார்த்தால் தெரியும். பலர் நட்டை இன்னும் இன்னும் இறுக்கி மரையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முதலில் கிளாம்பின் இரண்டு காதையும் பாருங்கள். இறுக்கியபோது அவை ஒன்றையொன்று தொட்டுவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு முடுக்கினாலும் பைப்பைப் பிடிக்காது. கிளாம்ப் விரிந்துபோயிருக்கும், அல்லது யாரோ மெல்லிய பைப்பை மாற்றிப் போட்டிருப்பார்கள். கிளாம்பு விலை அதிகமில்லை, மாற்றிவிடுங்கள். பைப் மெலிந்தது என்றால் பிரேமுக்குச் சரியான விட்டமுள்ள பைப்தான் வேண்டும். சோடா டின்னை வெட்டிச் சுற்றி அடைப்பது நிற்காது. காது தொடவில்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் பைப்பில் எண்ணெய் வழிகிறதா பார்த்துத் துடைத்துவிட்டுத் திரும்ப இறுக்குங்கள்.

இதற்கு நேர்மாறாக, சீட் அசையவே மாட்டேன் என்பதும் உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் இருக்கும் சைக்கிளிலும், ஐப்பசி கார்த்திகை மழையில் திண்ணைக்கு வெளியே நின்ற சைக்கிளிலும் பைப் துருவேறி பிரேமோடு ஒட்டிக்கொள்ளும். கிளாம்பை முழுவதும் கழற்றிவிட்டு, பைப் பிரேமுக்குள் போகும் இடத்தைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் சைக்கிளை ஒருவர் அழுத்திப் பிடிக்க, சீட்டை மேலே இழுக்காமல் இடமும் வலமும் மட்டும் திருகுங்கள். கொஞ்சம் அசைந்தால் மறுபடி மண்ணெண்ணெய் விட்டுத் திருகுங்கள். திருகல் முழுதாக விட்ட பிறகே மேலே இழுக்க வேண்டும். சுத்தியலால் சீட்டின் அடியில் அடித்தால் சீட்டின் கம்பிதான் வளையும்.

வெளியே வந்த பைப்பை உப்புத்தாளால் தேய்த்து, பிரேமின் உள்வாயையும் துணி சுற்றிய குச்சியால் துடைத்து, மிக மெல்லிதாக கிரீஸ் தடவிப் போடுங்கள். விரலில் ஒட்டிய அளவு போதும், வழியும் அளவுக்குப் போட்டால் சீட் இறங்கத் தொடங்கிவிடும். மழை முடிந்து தை மாதம் வந்ததும் ஒரு தடவை இப்படிக் கழற்றிப் போட்டால், அடுத்த ஜூனில் பிள்ளையை அளந்து சீட்டை ஏற்றும்போது ஸ்பேனர் மட்டும் போதும்.